மதியத் தட்டில் இருக்கும் இரும்பு ஏன் ரத்தத்துக்குப் போய்ச் சேருவதில்லை

“நான் சைவம், முட்டையும் கிடையாது, பால், தயிர் உண்டு. வயசு 31, எடை 54 கிலோ. இன்னும் 16 வாரத்தில் என் முதல் முழு மாரத்தான். வாரத்துக்கு அஞ்சு நாள் காலையில் ஓடுறேன், 55 கிலோமீட்டர் வரும். ஒரு மாசமா பழைய வேகத்துக்கே மூச்சு வாங்குது, படி ஏறினா தொடை கனக்குது. ஹீமோகுளோபின் 12.3, ‘நார்மல்’னு சொல்லிட்டாங்க. கூட ஓடுறவங்க புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்றாங்க. புரதம், இரும்பு, பி12 மூணும் சைவச் சாப்பாட்டிலேயே கிடைச்சுடுமா?”

புரதம் கிடைத்துவிடும். பி12 கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், அதற்கு மாத்திரை வேண்டும். இரும்புதான் இந்த மூன்றில் கஷ்டமானது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் என் முதல் சந்தேகமும் அதன் மேல்தான். அதனால் புரதத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு இரும்புக்கு வருகிறேன்.

நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி செய்பவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் போதும் என்பது பொதுவான கணக்கு. தாவரப் புரதம் கொஞ்சம் குறைவாகவே செரிக்கும் என்பதால் சைவர்கள் மேல் பக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. 54 கிலோவுக்கு 1.5 என்று வைத்தால் 81 கிராம். இது மலைக்க வேண்டிய அளவு இல்லை. காலையில் 60 கிராம் ஓட்ஸ், ஒரு பெரிய தம்ளர் பால், ஒரு பிடி நிலக்கடலை சேர்ந்தால் 21 கிராம் ஆகிவிடும். மதியம் சோற்றோடு, வேகவைப்பதற்கு முன் 50 கிராம் எடையுள்ள பருப்பும் ஒரு கிண்ணம் தயிரும் இன்னொரு 22 கிராம். மாலையில் வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம் சாப்பிட்டால் 8. இரவில் கோதுமை ரொட்டியோடு 30 கிராம் சோயா உருண்டை 24. படுக்கும் முன் ஒரு தம்ளர் பால் 7. கூட்டிப் பாருங்கள், 82 வரும். பவுடர் எங்கேயும் வரவில்லை. பயணத்தில் சாப்பாடு தவறும் நாளுக்கு ஒரு வசதியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தானியங்களில் லைசீன் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பு வகைகளில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனைன் தானியத்தில் இருக்கிறது. ஒரே வேளையில் இரண்டையும் கலந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் சரி. ஆனால் மொத்தப் புரதத்தையும் இரவுச் சாப்பாட்டில் திணிக்காமல் வேளைக்கு 15 முதல் 25 கிராம் வரை பிரித்துக்கொள்ளுங்கள். சைவ ஓட்டக்காரர்களிடம் நான் அதிகம் பார்ப்பது புரதக் குறைவை அல்ல, மொத்தச் சாப்பாட்டுக் குறைவை. பருப்பும் காய்கறியும் நார்ச்சத்தால் வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடும். உடலுக்குச் சக்தி போதாதபோது சாப்பிட்ட புரதத்தையே எரித்துவிடும். உங்கள் மாதவிடாய் தள்ளிப்போகிறதா, நின்றுவிட்டதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பவுடரைப் பற்றிய பேச்சே வேண்டாம். முதலில் சோறும் ரொட்டியும் கூடவேண்டும், மருத்துவரையும் பார்க்கவேண்டும்.

இனி இரும்பு.

ஹீமோகுளோபின் 12.3 என்றால் ரத்தசோகை இல்லை என்பது உண்மை. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் அந்தப் பெயர். ஆனால் உடலில் இரும்பு குறையும்போது ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் விழும். முதலில் சேமிப்பு கரையும். அந்தச் சேமிப்பைக் காட்டும் பரிசோதனையின் பெயர் ஃபெரிட்டின். சேமிப்பு கரைந்த பிறகு, ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் ட்ரான்ஸ்ஃபெரின் வழக்கத்தை விடக் காலியாக ஓட ஆரம்பிக்கும். அதற்கும் பிறகுதான் சிவப்பணு உற்பத்தி தடுமாறும். சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும். ஆகவே இன்று உற்பத்தி குறைந்தாலும், இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பு தயாரான நல்ல அணுக்கள் இன்றைய அறிக்கையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். உங்களுக்குக் கிடைத்த ‘நார்மல்’ அப்படிப்பட்டதாக இருக்கலாம். இரும்பு ஹீமோகுளோபினுக்கு மட்டும் வேண்டிய பொருளும் அல்ல. தசைக்குள் சக்தி தயாராகும் இடத்தில் இருக்கும் நொதிகளுக்கும் அது தேவை. ரத்தசோகை வராமலே தொடை கனப்பதற்கு அது ஒரு காரணம்.

எனவே முதல் வேலை, ஃபெரிட்டின், ட்ரான்ஸ்ஃபெரின் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் ட்ரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி., பி12 இந்த நான்கையும் முழு ரத்த எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்ப்பது. எந்த நாளில் ரத்தம் கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். நீண்ட ஓட்டம் முடிந்த மறுநாளோ, சளி காய்ச்சல் விட்ட வாரத்திலோ கொடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். அது இரும்புச் சேமிப்பைக் காட்டுவதோடு உடலில் அழற்சி இருந்தாலும் ஏறும் ஒரு புரதம். சி.ஆர்.பி. கேட்கச் சொல்வதும் அதற்குத்தான். அது உயர்ந்திருந்தால் ஃபெரிட்டின் எண்ணை நம்ப முடியாது. ஓய்வு நாளுக்கு மறுநாள் காலை, ஓடாமல், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்கும்போதும் இதே நிலையில் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது.

அறிக்கையில் வரும் எல்லையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஆய்வகங்கள் பெண்களுக்கு 10 அல்லது 15 நானோகிராமிலிருந்தே ஃபெரிட்டினை ‘இயல்பு’ என்று அச்சிடும். விளையாட்டு மருத்துவத்தில் 35-க்குக் கீழே வந்தாலே சேமிப்பு குறைகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 20-க்குக் கீழே போய், சாச்சுரேஷனும் 16 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ரத்தசோகைக்கு முந்திய கட்டம். 12-க்குக் கீழே போய் ஹீமோகுளோபினும் இறங்கினால் முழு ரத்தசோகை. உங்கள் அறிகுறியோடு ஃபெரிட்டின் 14 என்று வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. 60 என்று வந்தால் இரும்பை விட்டுவிட்டுத் தூக்கத்தையும், சாப்பாட்டு அளவையும், தைராய்டையும் பார்க்கச் சொல்வேன்.

சைவம் சாப்பிட்டு ஓடுபவருக்கு இரும்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைகிறது? செலவும் அதிகம், வரவும் குறைவு. மாதவிடாயில் போகிறது. வியர்வையில் கொஞ்சம் போகிறது. பாதம் தரையில் மோதும்போது அங்கே ஓடும் சிவப்பணுக்களில் சில உடைகின்றன. நீண்ட ஓட்டத்தில் குடலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் கண்ணுக்குத் தெரியாத அளவு கசிவு ஏற்படும். ஓட்டத்துக்கு முன்பு இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அந்தக் கசிவு கூடும். அந்தப் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

வரவுப் பக்கம், தாவர உணவில் இருக்கும் இரும்பில் சிறிய பங்குதான் உடலில் சேரும். அமெரிக்கக் கணக்கில், மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம். சைவர் என்றால் அதை 1.8-ஆல் பெருக்கி 32 என்கிறார்கள். 32 மில்லிகிராமைச் சாப்பாட்டில் எட்டுவது எவ்வளவு கடினம் என்று பாருங்கள்: 50 கிராம் பருப்பில் மூன்று சொச்சம், 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு, 60 கிராம் ஓட்ஸில் இரண்டரை. ஆகவே தட்டில் இருக்கும் அளவைக் கூட்டிக்கொண்டே போவதை விட, இருப்பதில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதைக் கவனிப்பதுதான் பயன் தரும். கீரையைப் பற்றிப் பலரும் பெரிய நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். அதில் இரும்பு இருக்கிறது. ஆனால் அதைக் கட்டிப்போடும் பொருட்களும் அதே இலையில் இருக்கின்றன. கீரை சாப்பிடுங்கள், இரும்புக் கணக்கில் மட்டும் அதை முன்வரிசையில் வைக்காதீர்கள்.

இப்போது பலருக்கும் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடல் செல்லுக்குள் வந்த இரும்பு ரத்தத்துக்குள் நுழைய ஒரே வாசல்தான் உண்டு. ஹெப்சிடின் அந்த வாசலை மூடிவிடும். கிருமித் தொற்றின்போது கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்ய உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. நீண்ட நேரமோ கடுமையாகவோ ஓடினாலும் அதே அழற்சிச் சமிக்ஞை கிளம்புகிறது, கல்லீரல் ஹெப்சிடினைச் சுரக்கிறது. ஓடி முடித்த உடனே அல்ல. மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் அது உச்சத்துக்குப் போகும். ஓடாத நாளிலும் ஹெப்சிடின் விடியற்காலையில் குறைவாகவும் பிற்பகலை நோக்கி உயர்ந்தும் இருக்கும்.

உங்கள் நாளில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஆறு மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு ஓட்டம் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தேகாலிலிருந்து ஒன்றேகால் வரை வாசல் மூடியிருக்கும் நேரம். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. பருப்பு, காய், கீரை என்று நாளின் இரும்பில் பெரும்பங்கு அந்தத் தட்டில்தான் வருகிறது, சரியாக வாசல் மூடிய நேரத்தில். வாசல் திறந்திருந்த ஏழரை மணிக்கு என்ன போனது? பெரும்பாலானவர்களுக்கு டீயோ காபியோ, பால் விட்ட ஓட்ஸோ. டீயில் இருக்கும் பாலிஃபீனால் கூடவே வரும் இரும்பைப் பாதிக்கு மேல் தடுத்துவிடும். காபியும் தடுக்கும், கொஞ்சம் குறைவாக. பாலின் கால்சியமும் தடுக்கும். ஆக நல்ல நேரத்தில் தடுப்பான்கள், கெட்ட நேரத்தில் இரும்பு.

ஒரு திருத்தம் சொல்லவேண்டும். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே போனவர்களுக்கு ஓட்டத்துக்குப் பின் ஹெப்சிடின் அவ்வளவு ஏறுவதில்லை, உடல் பசியோடு வாசலைத் திறந்து வைக்கப் பார்க்கிறது. அதனால் நேரத்தை மட்டும் மாற்றி 14-ஐ 40 ஆக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சேமிப்பு நடுத்தரமாக இருப்பவர் அதைத் தக்கவைத்துக்கொள்ள நேரம் பார்ப்பது உதவும். காலியானவருக்கு மாத்திரைதான் நிரப்பும். ஆனால் மாத்திரைக்கும் இதே நேரக் கணக்கு பொருந்தும், அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொன்னேன்.

சோதனையில் ஃபெரிட்டின் 14, சாச்சுரேஷன் 13 சதவீதம், ஹீமோகுளோபின் 12.3 என்று வந்ததாக வைத்துக்கொண்டு உங்கள் 16 வாரத்தைப் போட்டுப் பார்ப்போம். மருத்துவரிடம் இந்த எண்களைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் 60 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு மாத்திரை தருவார். அட்டையில் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். ஃபெரஸ் சல்ஃபேட் 325 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும், அதில் உண்மையான இரும்பு 65 தான். ‘எலிமென்டல்’ என்று எழுதியிருக்கும் எண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

இதை ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை போட்டாலே ஹெப்சிடின் ஏறி, அடுத்த நாள் மாத்திரையில் இருந்து உடல் எடுக்கும் பங்கு குறைந்துவிடுகிறது. ஒருநாள் விட்டுப் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு சேரும், வயிற்று வலியும் மலச்சிக்கலும் குறையும். காலையும் மாலையும் பிரித்துப் போடுவதில் லாபம் இல்லை, காலையில் போட்டதே மாலையில் போடுவதைத் தடுத்துவிடும். ஓடும் நாளில் ஓட்டம் முடிந்து அரை மணி நேரத்துக்குள், ஹெப்சிடின் ஏறுமுன், ஒரு ஆரஞ்சோ கொய்யாவோ சாப்பிட்டுக்கொண்டே போடுங்கள். வைட்டமின் சி தாவர இரும்பைக் கரையும் நிலையில் வைத்திருக்கும். எலுமிச்சை பிழிவதும் நல்லதுதான், ஆனால் அரை மூடிச் சாற்றில் இருக்கும் வைட்டமின் சி கொஞ்சம்தான். ஒரு கொய்யாவுக்கு அது ஈடாகாது. பிறகு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துப் பாலும் ஓட்ஸும். தினமும் ஒருமுறை மட்டும் ஓடுபவருக்குப் புரதம் அவ்வளவு நேரம் தள்ளிப்போவதால் நஷ்டம் இல்லை. டீ, காபி அதற்குப் பிறகு.

மாத்திரை இல்லாத நாட்களில் அந்தக் காலை நேரத்தை உணவு இரும்புக்குக் கொடுங்கள். இரவே ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலையில் நறுக்கிய பச்சைக் குடைமிளகாயும் தக்காளியும் சேர்த்து ஒரு கிண்ணம், பால் இல்லாமல். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றுமே ஃபைட்டேட் என்ற தடுப்பானைக் குறைக்கும். பாலையும் தயிரையும் நாளின் பின்பாதிக்குத் தள்ளுங்கள், கால்சியமும் உங்களுக்கு வேண்டியதுதான். வார்ப்பிரும்புச் சட்டியில் தக்காளி மாதிரிப் புளிப்பான பொருளைச் சமைத்தால் சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பு இறங்கும். எவ்வளவு என்று கணக்கிட முடியாது, இருந்தாலும் சட்டி கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவு மட்டும் பருப்பு, கடலை அதிகம் வேண்டாம், 20-ஆவது கிலோமீட்டரில் குடல் தொந்தரவு கொடுக்கும்.

மாத்திரை தொடங்கியதும் மலம் கறுக்கும், அது இயல்பு. ஆனால் தார் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் போகவேண்டும். மாத்திரை டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பெரியவருக்கான இரும்பு மாத்திரை சிறு குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. சோதனை செய்யாமல் “ஓடுறவங்களுக்கு இரும்பு நல்லது” என்று யாராவது சொன்னதை வைத்து ஆரம்பிக்கவே கூடாது. உடல் இரும்பை அளவுக்கு மீறிச் சேர்த்துக்கொள்ளும் மரபுக் கோளாறு சிலருக்கு உண்டு, அவர்களுக்கு அது கல்லீரலைக் கெடுக்கும். அதிகமான இரும்பை வெளியேற்ற உடலிடம் தனி வழி இல்லை.

இனி பி12. இதில் நானே வழுக்கி விழுந்தவள் என்பதால் என் கதையையே சொல்கிறேன்.

என் மூன்றாவது மாரத்தான் பயிற்சியில் பாத விரல்களில் ஊசி குத்துவது போல ஆரம்பித்தது. ஷூ நாடாவை இறுக்கிக் கட்டியதால்தான் என்று நினைத்துத் தளர்த்தினேன். அரை அளவு பெரிய ஷூ வாங்கினேன். இரவில் போர்வை காலில் உரசினாலும் எரிந்தது. இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில். அது ஒன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஷூ தரும் தொந்தரவு பெரும்பாலும் இரண்டு காலிலும் அச்சடித்தது போல வராது. ரத்தம் கொடுத்தேன். சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 88. “பி12 குறைந்தால் அணு பெரிதாகி 100-ஐத் தாண்டும், உங்களுக்கு நடுவில் இருக்கிறது, கவலை இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பினேன்.

எனக்கு இரும்பும் குறைவாக இருந்தது. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தபோது சராசரி நடுவில் வந்து நின்றது. அதே தாளில் இரண்டு வரி கீழே ஆர்.டி.டபிள்யூ. 17.2 என்று தடித்த எழுத்தில் இருந்தது. அது அணுக்களின் அளவு எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று சொல்லும் எண், 15-ஐத் தாண்டினால் கவனிக்கவேண்டும். சிறியதும் பெரியதும் கலந்து கிடந்ததை அந்த ஒரு வரி சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து வேறொரு மருத்துவர் இசைக்கவையைத் தட்டி என் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து, “அதிர்வு தெரியுதாம்மா?” என்று கேட்டார். வெறும் குளிர்ந்த உலோகம்தான் தெரிந்தது. முழங்காலில் வைத்தபோதுதான் அதிர்வு என்றால் என்ன என்று புரிந்தது. பி12 சோதனையில் 130 வந்தது. 200 பிகோகிராமுக்குக் கீழே குறைபாடு என்பார்கள். ஊசி போட்டுத் தேறினேன், எரிச்சல் முழுதாகப் போக எட்டு மாதம் ஆனது. நரம்பில் ஏற்படும் சேதம் நாள்பட்டால் திரும்பாமலே போகலாம் என்பதால் எனக்கு அது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

சைவர்களுக்கு இன்னொரு மறைப்பும் உண்டு. பருப்பிலும் கீரையிலும் ஃபோலேட், அதாவது மாத்திரையில் ஃபோலிக் அமிலம் என்ற பெயரில் வரும் வைட்டமின், தாராளம். ஃபோலேட் நிறைய இருந்தால் பி12 குறைவால் ரத்தத்தில் தெரியவேண்டிய மாற்றம் மட்டுப்படலாம், நரம்புச் சேதமோ நிற்காது. அதனால் களைப்புக்கென்று ஃபோலிக் அமில மாத்திரையைத் தனியாகப் போடாதீர்கள்.

பி12-ஐச் செடியும் உருவாக்குவதில்லை, விலங்கும் உருவாக்குவதில்லை, நுண்ணுயிர்கள்தான் உருவாக்குகின்றன. அது பால், இறைச்சி வழியாக நமக்கு வருகிறது. கால் லிட்டர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று மேலே இருக்கும். அமெரிக்கப் பரிந்துரை நாளுக்கு 2.4, ஐரோப்பியப் பரிந்துரை 4. அரை லிட்டர் பால் தினமும் குடித்தால் சிறிய எண்ணை ஏறக்குறையத் தொடலாம், ஆனால் காய்ச்சும்போது கொஞ்சம் அழியும், இரண்டு நாள் குடிக்காவிட்டால் கணக்கு விழும். ஸ்பைருலினாவை நம்பாதீர்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோற்றமளிக்கும் பொருள், உடலுக்குப் பயன்படாது.

மாத்திரையின் அளவு ஏன் 500, 1000 என்று பெரிதாக இருக்கிறது என்று கேட்பீர்கள். வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவுக்குத்தான் பி12-ஐப் பிடித்துக்கொண்டு போகும். அதற்கு மேல் வருவதில் சுமார் ஒரு சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராம் போட்டால் ஏறக்குறைய 12 சேரும், மீதி வெளியேறும். எனவே தினம் 50 மைக்ரோகிராம், அல்லது வாரம் இருமுறை 1000, இரண்டில் எது உங்களுக்கு மறக்காதோ அது. குறைபாடு வராமல் காக்க இது போதும். சோதனையில் 200-க்குக் கீழே வந்தாலோ, பாதத்தில் மதமதப்பு இருந்தாலோ, அளவை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். 200-க்கும் 300-க்கும் நடுவில் வந்தால் மெத்தில்மலோனிக் அமிலச் சோதனை கேளுங்கள், உண்மையிலேயே குறைகிறதா என்று அது சொல்லும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை நீண்ட நாள் போடுபவர்களுக்கும் பி12 இன்னும் எளிதில் குறையும். கல்லீரல் சில ஆண்டுகளுக்குத் தேவையானதைச் சேமித்து வைத்திருப்பதால், “நான் மூணு வருஷமா சைவம், ஒண்ணும் ஆகலையே” என்பது சான்று ஆகாது.

உங்கள் 16 வாரத்துக்குத் திரும்புவோம். இந்த வாரமே ரத்தம் கொடுங்கள். மாத்திரை தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் படி ஏறும்போது கனம் குறைவதை உணரலாம். சிலருக்கு அதற்கும் மேலாகும். அதுவரை வேகப் பயிற்சியைக் குறைத்துக்கொண்டு, இதயத் துடிப்பையும் மூச்சையும் பார்த்து மெதுவாக ஓடுங்கள், பழைய வேகத்தைத் துரத்தாதீர்கள். எட்டாவது வாரத்தில் அதே ஆய்வகத்தில், அதே ஓய்வுக்குப் பிறகு மறுசோதனை. ஃபெரிட்டின் 14-லிருந்து 30-ஐ நெருங்கியிருந்தால் வழி சரி, எப்போது நிறுத்துவது என்று மருத்துவரைக் கேட்டுத் தொடருங்கள்.

ஃபெரிட்டின் ஏறி, ஹீமோகுளோபின் மட்டும் 12.3-லிருந்து 12.1 ஆனால் பதறாதீர்கள். பயிற்சி கூடும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் செறிவு குறைந்து தெரியும், அணுக்கள் குறைந்தன என்று அர்த்தமில்லை. எட்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் ஃபெரிட்டின் 15, 16-லேயே நின்றால் மாத்திரையைக் கூட்டுவது வழியல்ல. இரும்பு எங்கோ வெளியே போகிறது, அல்லது உள்ளே நுழையவில்லை. அதிகப்படியான மாதவிடாய் ரத்தப்போக்கு, குடலில் கசிவு, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமி, இந்த நான்கையும் மருத்துவர் வரிசையாகப் பார்ப்பார். அந்தத் தேடலுக்கு நேரம் வேண்டும். எட்டாவது வாரத்தில் மறுசோதனை வைக்கச் சொன்னது அதனால்தான். பதினான்காவது வாரத்தில் தெரிந்தால் பந்தயத்துக்கு முன் செய்வதற்கு எதுவும் இருக்காது.